நன்றி சொல்லாத உணவுப் பிரார்த்தனை

மதியம் பன்னிரண்டரை மணி. பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் நீளமாக விரித்த பாய்களில் பிள்ளைகள் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருக்கிறார்கள். தட்டில் சோறு விழுந்தாயிற்று, முருங்கைக்காய் சாம்பாரும் ஊற்றியாயிற்று, ஓரத்தில் கோஸ் பொரியலும் அப்பளமும் வந்துவிட்டன. ஆனாலும் யாரும் கை வைக்கவில்லை. பெரிய வகுப்பு மாணவி ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு தொடங்குகிறாள். மறு நொடியே கூடம் முழுக்கச் சேர்ந்து சொல்கிறது. வடமொழியில் இரண்டு சுலோகம், அரை நிமிடம்கூட ஆகாது. கடைசி எழுத்து வாயை விட்டு அகலும் முன்பே அப்பளம் நொறுங்கும் சத்தம் கேட்கத் தொடங்கிவிடுகிறது.

இப்போது என்ன சொன்னாய் என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்டால் பதில் தயாராக இருக்கும்: "சாமி, சாப்பாடு குடுத்ததுக்கு தேங்க்ஸ்னு அர்த்தம்." வீட்டில் அம்மா சொல்லிக்கொடுத்ததும் பள்ளியில் டீச்சர் சொல்லிக்கொடுத்ததும் பெரும்பாலும் இதுதான். நல்ல பதில்தான். ஆனால் அந்த இரண்டு சுலோகங்களில் நன்றி என்ற பொருள் தரும் சொல் ஒன்றுகூடக் கிடையாது. இதைக் கொடு, இதைக் காப்பாற்று என்று கேட்கும் சொல்லும் கிடையாது.

பக்கத்து வீடுகளோடு ஒப்பிட்டால் வித்தியாசம் சட்டென்று தெரியும். கிறிஸ்தவக் குடும்பத்தில் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து தலை குனியும்போது, ஆண்டவரிடம் நேரடியாகப் பேசுகிறார்கள்: இந்த உணவை ஆசீர்வதியும் என்று கேட்கிறார்கள், கொடுத்ததற்கு நன்றி சொல்கிறார்கள். முஸ்லிம் வீட்டுப் பிள்ளை இறைவனின் பெயரைச் சொல்லி, வலது கையால் முதல் கவளம் எடுக்கிறது. தொடக்கத்தில் மறந்துவிட்டால், நினைவு வந்த இடத்தில் முதலுக்கும் முடிவுக்கும் சேர்த்துச் சொல்லிக்கொள்ளவும் அங்கே வழி இருக்கிறது. சாப்பாட்டுக் கூடத்தில் ஒலிக்கும் இரண்டு சுலோகங்களோ வேறு மாதிரி. முதல் சுலோகம் யாரையும் கூப்பிட்டுப் பேசுவதில்லை. இரண்டாவதில் கடவுளே 'நான்' என்று பேசுகிறார். சோற்றுத் தட்டின் முன்னால் கைகூப்பி உட்கார்ந்திருக்கும் ஆறு வயதுப் பிள்ளை, தன் வாயால் கடவுளின் பேச்சைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. இது எத்தனை பெரியவர்களுக்குத் தெரியும்?

இரண்டுமே பகவத் கீதையிலிருந்து எடுத்தவை. முதலாவது நான்காம் அத்தியாயத்தின் 24ஆம் சுலோகம். அதன் முதல் சொல்லை வைத்துப் 'பிரம்மார்ப்பணம்' என்றே அதைக் குறிப்பிடுவார்கள். இரண்டாவது பதினைந்தாம் அத்தியாயத்தின் 14ஆம் சுலோகம். ராமகிருஷ்ண மடங்களில் சாப்பிடும் முன் பிரம்மார்ப்பணம் சொல்வது வழக்கம். சத்ய சாயி பள்ளிகளில் இரண்டையும் சேர்த்துச் சொல்கிறார்கள். சின்மயா மிஷனில் பதினைந்தாம் அத்தியாயத்தின் இருபது சுலோகங்களையும் முழுதாகச் சொல்லிவிட்டு உண்ணும் வழக்கம் உண்டு. அங்கிருந்தெல்லாம் வீடுகளுக்கும் மற்றப் பள்ளிகளுக்கும் பரவி, பலருக்கு இது கீதையில் இருப்பது என்பதே தெரியாத அளவுக்குச் சாப்பாட்டோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

நான்காம் அத்தியாயத்தில் கண்ணன் இதைச் சொல்லும்போது பேச்சு சாப்பாட்டைப் பற்றியது அல்ல, வேள்வியைப் பற்றியது. அதனால் முதல் சுலோகம் புரிய வேண்டுமென்றால் பிள்ளை ஒரு ஹோமத்தைப் பார்த்திருக்க வேண்டும். அதில் சிரமம் இல்லை. புதுமனை புகுவிழாவில் கணபதி ஹோமம் நடக்கும்போது, புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் பிள்ளைகள்தானே. அங்கே என்னென்ன இருந்தன என்று கேட்டால் அவர்களே சொல்லிவிடுவார்கள்: நெய் ஊற்றுகிற மரக்கரண்டி, நெய், செங்கல் அடுக்கிய குண்டத்தில் தீ, ஊற்றுகிற மாமா. இதெல்லாம் எதற்காக என்பதையும் சேர்த்தால் ஐந்து. சுலோகம் தொட்டுக்காட்டுவது இந்த ஐந்தைத்தான்.

முதல் வரியில் கரண்டியும் நெய்யும் வந்துவிடுகின்றன. அர்ப்பணம் என்றால் நமக்குக் காணிக்கை, ஒப்படைப்பு என்றுதான் மனதில் வரும். ஆதிசங்கரர் தம் உரையில் அதை 'எதனால் அர்ப்பணிக்கிறோமோ அது' என்று கொள்கிறார், அதாவது கரண்டி. அடுத்து வரும் ஹவிஸ், தீயில் இடப்படும் பொருள். திருக்குறளில் 'அவி' என்று வருவது இந்தச் சொல்தான். ஹோமம், ஆகுதி என்பவையும் அதே வேரிலிருந்து கிளைத்தவை. ஆக முதல் வரி சொல்வது: ஊற்றுகிற கரண்டியும் பிரம்மம், ஊற்றப்படும் நெய்யும் பிரம்மம்.

இரண்டாம் வரியில் தீயும் ஊற்றுகிறவரும். நெய்யை வாங்கிக்கொள்ளும் தீ பிரம்மம், அதில் ஊற்றுகிறவரும் பிரம்மம். மூன்றாம் வரி, இப்படிச் செய்கிறவர் போய்ச் சேரும் இடமும் அதே பிரம்மம் என்கிறது. அந்த வரியின் கடைசிச் சொல்லுக்கு 'போய்ச் சேர வேண்டிய இடம்' என்று பொருள். 'நல்ல கதி' என்று நாம் சொல்லும் கதியும் அதே வேர்ச்சொல்லிலிருந்து வந்ததுதான். நான்காம் வரி அந்த மனிதர் யார் என்று அடையாளம் காட்டுகிறது: செய்கிற செயலையும் பிரம்மமாகவே பார்த்து, மனம் அதிலேயே நிலைத்து நிற்பவர்.

இனி ஹோமகுண்டத்தை விட்டுவிட்டுத் தட்டுக்கு வரலாம். கரண்டி இருந்த இடத்தில் பிள்ளையின் வலது கை. நெய்யின் இடத்தில் சாம்பார் சாதம். குண்டத்துத் தீயின் இடத்தில் வயிற்றில் எரியும் பசி. ஊற்றுகிற மாமாவின் இடத்தில் அந்தப் பிள்ளையே. ஒவ்வொரு கவளமும் ஒரு ஆகுதி. சாப்பிடுவதை ஒரு ஹோமமாக எண்ணிப் பார்க்கும் வழக்கம் கீதைக்கும் முந்தியது. சாந்தோக்ய உபநிடதத்தில் முதல் ஐந்து கவளங்களை ஐந்து பிராணன்களுக்கு ஆகுதியாக இடும் முறை சொல்லப்பட்டிருக்கிறது. இலையைச் சுற்றித் தண்ணீர் விட்டு, ஒவ்வொரு பருக்கையாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டு மந்திரம் சொல்லும் தாத்தாக்கள் சில வீடுகளில் இன்றும் செய்வது அதைத்தான்.

எட்டெட்டு அசையாக நான்கு வரி, மொத்தம் முப்பத்திரண்டு அசை. அதற்குள் பிரம்மம் என்ற சொல் வெவ்வேறு உருவில் ஆறு முறை வருகிறது. முதல் இரண்டு வரிகளில் இரண்டிரண்டு, கடைசி இரண்டு வரிகளில் ஒவ்வொன்று. பிள்ளைகளுக்கு இது விரல்விட்டு எண்ண நல்ல விளையாட்டு. ஆனால் குழப்பம் எல்லாம் தொடங்குவதும் இந்தச் சொல்லில்தான்.

முதல் குழப்பம் பிரம்மாவோடு. படத்தில் பார்த்த நான்கு முகப் பிரம்மாதான் சோறு, அவர்தான் கரண்டி என்று பிள்ளை நினைத்துக்கொள்கிறது. நான்முகன் வேறு, பிரம்மம் வேறு. நான்முகன் ஒரு தெய்வம், 'அவர்' என்று சொல்லலாம். பிரம்மம் என்பதை 'அது' என்றுதான் சொல்ல முடியும். எல்லாப் பொருளுக்கும் அடியில் இருக்கும் ஒரே பொருள் அது.

இரண்டாவது குழப்பம் இன்னும் மோசமானது. இரண்டாம் வரியில் 'பிரம்மணா' என்று ஒரு சொல் வருகிறது. 'பிரம்மத்தால்' என்பது பொருள், ஊற்றுகிறவரும் பிரம்மமே என்பதைச் சொல்லும் மூன்றாம் வேற்றுமை. வேகத்தில் பல பிள்ளைகள் இதைப் 'பிராமணா' என்று நீட்டிவிடுகிறார்கள். கேட்டுக்கேட்டுப் பெரியவர்களும் அப்படியே சொல்கிறார்கள். ஒரு நெடில் கூடியதால், யார் உண்டாலும் உண்பவர் பிரம்மமே என்று சொன்ன வரி, ஏதோ ஒரு சாதியாரால் செய்யப்படும் வேள்வி என்பது போல ஆகிவிடுகிறது. சுலோகத்தின் பொருளையே தலைகீழாக்கும் பிழை இது. கண்டுபிடிப்பது எளிது: 'ரா' என்று வாய் அகலத் திறக்கிறதா என்று கவனித்தால் போதும். 'பிரம்' என்று உதடு மூட வேண்டும்.

சரி, பிரம்மம் என்பதை ஏழு வயதுக்கு எப்படிச் சொல்வது? 'எங்கும் நிறைந்தது' என்று சொல்லிவிட்டால் பிள்ளை தலையாட்டும், ஒன்றும் புரிந்திருக்காது. பல பாட்டிமார்கள் இட்லி மாவை உதாரணமாக எடுப்பார்கள். இட்லி வேறு, தோசை வேறு, பணியாரம் வேறு, மாவு ஒன்றுதான். நல்ல உதாரணம், ஆனால் பாதி தூரம்தான் வரும். கொஞ்சம் கூர்மையான பேரன் உடனே மடக்கிவிடுவான்.

"அப்போ அடுப்பு பாட்டி? அடுப்பு மாவு இல்லையே. நீங்களும் மாவு இல்லையே."

அவன் கேட்டது சரியான கேள்வி. சுலோகத்தின் கருத்தே அதுதான்: அடுப்பும் அது, சமைப்பவரும் அது. அதற்கு இட்லி மாவைவிடக் களிமண் செப்பு பொருத்தமாக வரும். மழை விட்ட மறுநாள் பிள்ளைகள் களிமண்ணில் சொப்பு வைத்து விளையாடுகிறார்கள். களிமண் அடுப்பு, களிமண் சட்டி, களிமண் கரண்டி, களிமண் இட்லி, அதைத் தின்ன உட்கார்ந்திருக்கும் களிமண் பொம்மை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பெயர், தனித்தனி வேலை. தொட்டுப் பார்த்தால் எல்லாம் களிமண். சாந்தோக்யத்தில் உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவுக்கு இந்த விஷயத்தை விளக்கும்போது கையில் எடுத்த முதல் உதாரணமும் மண்ணுருண்டைதான். அந்தப் பாடமும் அப்பா மகனுக்குச் சொன்னது.

இப்படிச் சொல்வது சங்கரர் வழி என்பதையும் குறிப்பிட வேண்டும். ராமாநுஜர் வழியில் வருபவர்கள் இறைவன் எல்லாவற்றுக்கும் உயிராக உள்ளே இருக்கிறான் என்று விளக்குவார்கள். மத்வர் வழியில் எல்லாம் அவனைச் சார்ந்தே இயங்குகின்றன என்பார்கள். வீட்டுப் பெரியவர்கள் எந்த வழியோ அந்த வழியில் பிள்ளைக்குச் சொல்லட்டும். கரண்டி, உணவு, தீ, உண்பவர், சேரும் இடம் என்ற ஐந்தும் எந்த விளக்கத்திலும் மாறுவதில்லை.

நான்காம் வரிக்கு வரும்போது தமிழ்ப் பிள்ளைகளுக்கென்றே ஒரு தொல்லை காத்திருக்கிறது. அந்த வரியில் கர்மம், சமாதி என்ற இரண்டு சொற்கள் வருகின்றன. நம் தெருவில் இரண்டுக்கும் வேறு பொருள்.

"பாட்டி, சமாதின்னா செத்தவங்களப் புதைக்கிற எடம்தானே? சாப்பிடறப்போ எதுக்கு அதச் சொல்லணும்?"

"அது இல்லடா கண்ணா. நேத்து நீ பட்டம் விட்டப்போ நான் நாலு தடவ கூப்பிட்டேன், ஒனக்குக் கேக்கவே இல்ல. ஏன்?"

"நான் பட்டத்தையே பாத்துக்கிட்டிருந்தேன்."

"அதான் சமாதி."

இதைவிட நேரான விளக்கம் தேவையில்லை. வடமொழியில் அந்தச் சொல்லுக்கு மனம் ஒன்றில் முழுதாகப் பதிந்து நிற்பது என்றுதான் பொருள். அப்படி நின்ற ஞானிகள் அடங்கிய இடத்தைச் சமாதி என்று சொல்லப்போய், பிறகு தமிழில் எல்லாக் கல்லறைக்கும் அந்தப் பெயர் வந்துவிட்டது. கர்மமும் அப்படித்தான். 'கர்மம், கர்மம்' என்று தலையில் அடித்துக்கொள்ளும்போது வருகிற பொருள் வேறு. இங்கே அது வெறும் 'செயல்'. இந்த வேளையில் அந்தச் செயல் சாப்பிடுவது. எனவே நான்காம் வரியைப் பிள்ளைக்கு இப்படிச் சொல்லலாம்: சாப்பிடும்போது, பட்டம் விடும்போது இருந்த மாதிரி, அந்த ஒன்றிலேயே மனசு இருக்கிறவர்.

இரண்டாவது சுலோகம் பிள்ளைகளுக்கு இன்னும் நெருக்கமானது, ஏனென்றால் அது வயிற்றைப் பற்றியே பேசுகிறது.

முதல் வரியில் கடவுள், நான் வைச்வாநரன் என்ற தீயாக ஆகிறேன் என்கிறார். அந்தப் பெயரைப் பிரித்தால் 'எல்லா மனிதருக்கும் உரியவன்' என்ற பொருள் வரும். ரிக் வேதத்திலேயே அக்னிக்கு அப்படி ஒரு பெயர் உண்டு. பசித்தீ இன்னாருக்குத்தான் என்று இல்லாமல் எல்லார் வயிற்றிலும் எரிவதால் அந்தப் பெயர் இங்கே நன்றாகப் பொருந்துகிறது. பசியைத் தீயாகப் பார்ப்பது தமிழுக்கும் புதிதல்ல. மணிமேகலையில் காயசண்டிகைக்கு வரும் நோயின் பெயரே யானைத்தீ. எவ்வளவு தின்றாலும் அடங்காத பசி அது. மணிமேகலை அமுதசுரபியிலிருந்து இட்ட உணவில்தான் அது தணிகிறது. கதையாகச் சொன்னால் பிள்ளைகள் முதல் வரியை மறக்கவே மாட்டார்கள்.

இந்த இடத்தில் பிள்ளைகளோடு செய்து பார்க்க ஒன்று இருக்கிறது. இரண்டு காதையும் விரலால் மெல்ல அடைத்துக்கொண்டு பேசாமல் இருக்கச் சொல்ல வேண்டும். உள்ளே தூரத்தில் லாரி போவது போல ஒரு மெல்லிய உறுமல் கேட்கும். பிருகதாரண்யக உபநிடதம், மனிதனுக்குள் இருந்து உணவைச் செரிக்க வைக்கும் தீ வைச்வாநரன் என்றும், காதைப் பொத்தினால் கேட்கும் ஓசை அந்தத் தீயின் ஓசை என்றும் சொல்கிறது. இன்றைக்கு அந்த உறுமலுக்குக் காரணம் தெரியும். விரலையும் கையையும் அப்படி நிறுத்திவைத்திருக்கும் தசைகளின் நுண்ணிய அதிர்வு விரல் வழியாகக் காதுக்குள் போகிறது. கையை இன்னும் இறுக்கினால் ஓசை கூடுவதைக் கேட்கலாம். இரண்டையும் பிள்ளைக்குச் சொல்லலாம். பழைய ஆட்கள் உடம்பைக் காது கொடுத்துக் கேட்டார்கள் என்பதும் உண்மை, அந்த ஓசைக்குக் காரணம் வேறு என்பதும் உண்மை.

இரண்டாம் வரி, உயிர்களின் உடலில் தங்கியிருக்கிறேன் என்கிறது. இங்கேயும் ஒரு தமிழ்க் குழப்பம். வரியில் இருக்கும் சொல் 'பிராணி'. நமக்குப் பிராணி என்றால் ஆடு, மாடு, பூனை. 'வீட்டுப் பிராணிகள்' என்று பாடப் புத்தகத்திலேயே படிக்கிறார்கள். அதனால் கடவுள் மாட்டு வயிற்றில் இருக்கிறார், நம் வயிற்றில் இல்லை என்று பிள்ளைக்குத் தோன்றலாம். பிராணன் உள்ளது பிராணி. மூச்சு விடுகிற எல்லாம் அதில் அடக்கம். மாடும் உண்டு, பூனையும் உண்டு, சாப்பாட்டுக் கூடத்து வாசலில் காத்திருக்கும் நாயும் உண்டு, நாமும் உண்டு.

மூன்றாம் வரியில் மூச்சு வருகிறது: பிராணனோடும் அபானனோடும் சேர்ந்து. எளிதாகச் சொன்னால் பிராணன் நெஞ்சில் இயங்கும் மூச்சு, அபானன் கீழ்நோக்கிப் போய்க் கழிவை வெளியேற்றும் காற்று. கொல்லன் பட்டறையில் துருத்தி ஊதினால்தான் உலை எரியும். அதுபோல் இந்தக் காற்றுகளால் வயிற்றுத் தீ எரிகிறது என்பது கருத்து. அப்படியானால் வயிற்றில் நெருப்புச் சுவாலை இருக்கிறதா என்று பிள்ளை கேட்டால் இல்லை என்றே சொல்லிவிட வேண்டும். இரைப்பையில் சோற்றைக் கரைப்பது அமிலமும் செரிமான நொதிகளும். ஆனால் கரைந்த சத்து உடம்பின் திசுக்களுக்குப் போய், மூச்சில் இழுத்த ஆக்சிஜனோடு சேரும்போதுதான் அதிலிருந்து சூடும் சக்தியும் கிடைக்கின்றன. காற்று இல்லாமல் அடுப்பு எரியாதது போல, மூச்சு இல்லாமல் சாப்பாடு சக்தியாகாது. கீதை இதை அறிவியலாகச் சொன்னது என்று நீட்ட வேண்டியதில்லை. உவமை பிள்ளைக்கு உதவுகிறது, அவ்வளவு போதும்.

கடைசி வரி மிக ருசியானது. நான்கு வகை உணவையும் நானே சமைக்கிறேன் என்று பொருள். சமைப்பதற்கும் செரிப்பதற்கும் வடமொழியில் ஒரே வேர்ச்சொல். அந்த வேரிலிருந்துதான் தமிழில் 'நளபாகம்' வந்தது, 'கைப்பக்குவம்' வந்தது. அடுப்பில் அம்மா ஒரு முறை சமைக்கிறாள், வயிற்றில் இன்னொரு சமையல் நடக்கிறது. தமிழில் அச்சிடும்போது 'பசாமி' என்று போடுவதால் பல பிள்ளைகள் 'பஸாமி' என்று சொல்லி, அது பசியைப் பற்றியது என்று நினைத்துக்கொள்கிறார்கள். 'பச்சை' என்பதில் வரும் ச்ச ஒலியை அழுத்தாமல் சொன்னால் சரியாக வரும். நான்கு என்பதற்கு இருக்கும் 'சதுர்' என்ற சொல்லோ அவர்களுக்கு முன்பே தெரிந்தது. கணக்கு நோட்டில் வரையும் சதுரத்துக்கு நான்கு பக்கம்.

நான்கு வகை எவை? சங்கரர் உரையிலேயே பெயர்கள் இருக்கின்றன: போஜ்யம், பக்ஷ்யம், சோஷ்யம், லேஹ்யம். கேட்க வேற்று மொழியாகத் தோன்றினாலும் இவற்றில் மூன்று ஏற்கெனவே நம் அடுக்களையில் இருக்கின்றன. போஜ்யம், மென்மையாக உண்ணும் உணவு, நம் போஜனம். பக்ஷ்யம், கடித்து மென்று தின்பது, தீபாவளிக்குச் சுடும் பட்சணம். லேஹ்யம், நாவால் நக்கிச் சுவைப்பது, அதே தீபாவளியன்று பட்சணம் தின்ற வயிற்றுக்குப் பாட்டி விரலில் எடுத்துத் தரும் லேகியம். மிஞ்சுவது சோஷ்யம் ஒன்றுதான். உறிஞ்சிச் சாறு குடித்துவிட்டுச் சக்கையைத் துப்புவது. கரும்பு அந்த வகை.

தமிழும் உணவை நான்காகவே பிரித்தது. தொல்காப்பியத்துக்கு உரை எழுதியவர்கள் 'அடிசில்' என்ற சொல்லுக்குள் உண்பன, தின்பன, பருகுவன, நக்குவன என்ற நான்கும் அடங்கும் என்கிறார்கள். அதனால் அடிசிலை 'உண்டார்' என்று சொல்வது பிழை, 'அயின்றார்' என்று பொதுச்சொல்லால் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. உறிஞ்சுவது இருந்த இடத்தில் இங்கே பருகுவது இருக்கிறது, அது ஒன்றுதான் வேறுபாடு. சோறு உண், முறுக்கு தின், மோர் குடி, தேன் நக்கு என்று ஒவ்வொன்றுக்கும் தனி வினை வைத்திருக்கும் மொழி இது. எல்லாவற்றுக்கும் 'சாப்பிடு' என்று சொல்லிப் பழகிவிட்ட பிள்ளைகளுக்கு, நான்காம் வரியை விளக்கும் சாக்கில் அந்த வினைச்சொற்களையும் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

இத்தனையையும் ஒரே நாளில் சொன்னால் சோறு ஆறிவிடும், பிள்ளையும் அடுத்த நாள் கைகூப்பாது. பசித்த பிள்ளையை நிறுத்திவைத்துப் பாடம் நடத்தினால் சுலோகத்தின் மேல்தான் வெறுப்பு வரும். சொல்ல வேண்டியதைச் சாப்பிட்டு முடித்த பிறகு சொல்வது நல்லது. கை காயும் வரை கதை கேட்க எந்தப் பிள்ளையும் மறுக்காது. முதல் சில நாள் பொருளைத் தொடாமல் எட்டெட்டு அசையாக, நான்கு மூச்சில் சொல்லப் பழக்கலாம். பிறகு ஒரு நாளுக்கு ஒரு வரி. முதல் நாள் கரண்டியும் சோறும், மறுநாள் தீயும் ஊற்றுபவரும். மூன்றாம் வரியும் நான்காம் வரியும் ஐந்து வயதுக்குக் கனம்தான், அவற்றை ஏழெட்டு வயது வரை ஒத்திவைத்தாலும் தவறில்லை. இரண்டாவது சுலோகத்தைக் கடைசி வரியிலிருந்து தொடங்கினால் சுலபம், ஏனென்றால் அதற்கு விடை தட்டிலேயே இருக்கிறது.

புரிந்ததா என்று எப்படித் தெரியும்? ஒப்பிக்கச் சொன்னால் தெரியாது. 'இன்னிக்குக் கரண்டி எது?' என்று கேட்க வேண்டும். கையால் சாப்பிடும் நாளில் பிள்ளை கையைக் காட்டும், பாயசம் குடிக்கும் நாளில் ஸ்பூனைக் காட்டும். ஊட்டிவிடும் நாளில் அம்மாவின் கையைக் காட்டினால், அர்ப்பணம் என்ற சொல் அதற்குச் சரியாகவே போய்ச் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். 'ஊத்தறவங்க யாரு?' என்றால் சில பிள்ளைகள் 'நான்' என்கிறார்கள், சில பிள்ளைகள் யோசித்துவிட்டு 'அம்மா' என்கிறார்கள். இரண்டையும் ஒப்புக்கொள்ளலாம், ஏனென்றால் சுலோகமே அந்த இரண்டு பேரையும் பிரித்துப் பார்ப்பதில்லை.

நன்றி சொல்லும் பழக்கம் போய்விடுமே என்று ஒரு கவலை வரலாம். அது தேவையில்லை. நன்றி சொல்ல நினைக்கும் வீடுகள் சுலோகம் முடிந்த பிறகு தமிழில் ஒரு வாக்கியம் சேர்த்துக்கொள்கின்றன: சமைத்தவருக்கும் விளைவித்தவருக்கும். சில வீடுகளில் ஆதிசங்கரர் இயற்றியதாகச் சொல்லப்படும் அன்னபூர்ணாஷ்டகத்திலிருந்து ஒரு பாடலையும் சேர்ப்பதுண்டு. அதில் கேட்பது இருக்கிறது, பிச்சையிடு என்று தாயிடம் நேராகவே கேட்பது. கேட்பதற்கு ஒன்று, நன்றிக்கு ஒன்று, நடப்பதைப் பார்ப்பதற்கு இந்த இரண்டு. எது எதைச் சொல்கிறது என்று தெரிந்தால், எதையும் எதன் மேலும் ஏற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

மறுபடி அதே சாப்பாட்டுக் கூடம். நான்கு வகை உணவைப் பற்றி முந்தின நாள் கேட்டிருந்த ஒரு சிறுமி, சுலோகம் முடிந்ததும் தட்டைப் பார்த்து விரல் மடக்குகிறாள். சோறு ஒன்று. அப்பளம் இரண்டு. வாழைப்பழமும் சோறு மாதிரிதான், அதனால் அது கணக்கில் இல்லை. ஓரத்தில் துளி ஊறுகாய், அதை விரலால் தொட்டு நக்கிப் பார்த்து மூன்று என்கிறாள். நாலாவது காணவில்லை என்று பக்கத்துப் பையனிடம் முறையிடுகிறாள். அவன் அதற்குள் சாம்பாரிலிருந்து ஒரு முருங்கைத் துண்டை எடுத்து வாயில் வைத்து, பல்லால் நசுக்கி உறிஞ்சி, சக்கையைத் தட்டோரத்தில் போட்டுவிட்டு, "இதோ" என்கிறான்.